மூன்று வரியும் உண்மை, ஆனால் வாதம் செல்லாதாம்: மூன்று வட்டத்தில் எங்கே தப்பு?

தமயந்தி | மார்ச் 3, இரவு 9.12

அக்கா மகன் அளவையியல் படிக்கத் தொடங்கியிருக்கிறான். நேற்று இந்த நியாயத்தொடையை என் முன்னால் வைத்தான்.

எல்லாத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள்.
கடல்வாழ் உயிரினங்கள் சில பாலூட்டிகள்.
ஆகவே, கடல்வாழ் உயிரினங்கள் சில திமிங்கிலங்கள்.

புத்தகத்தின் பின்பக்கத்தில் "செல்லாது" என்று விடை. "மூன்றில் எந்த வரி பொய், நீங்களே சொல்லுங்கள் சித்தி" என்கிறான். எதுவும் பொய் இல்லை. திமிங்கிலம் கடலில்தானே இருக்கிறது!

படமும் வரைந்து காட்டினான். பாலூட்டிக்குப் பெரிய வட்டம். அதற்குள்ளே திமிங்கிலத்துக்குச் சின்ன வட்டம். கடல்வாழ் உயிரினத்தின் வட்டம் பக்கத்திலிருந்து வந்து இரண்டையும் வெட்டுகிறது. அந்தப் படத்தில் கடலும் திமிங்கிலமும் சேரும் இடம் இருக்கிறது. அப்படியென்றால் முடிவு வந்துவிட்டது. புத்தகம் தப்பா, படம் தப்பா?

முகில் | மார்ச் 3, இரவு 9.47

வட்டமெல்லாம் எதற்கு? விதி ஒன்று போதும். முடிவுக்கு முன்னால் வரும் எடுகூற்றுகளில் ஒன்றில் 'சில' வந்துவிட்டால் வாதம் செல்லாது. 'சில' என்றாலே உறுதி போய்விட்டது, உறுதி இல்லாத இடத்திலிருந்து உறுதியான முடிவு வராது. இங்கே இரண்டாவது வரியில் 'சில' இருக்கிறது. அவ்வளவுதான். நான் தேர்வுக்குப் படித்தபோது ஒரு வட்டம்கூட வரையவில்லை, எல்லாம் சரியாகத்தான் வந்தது.

சுண்ணக்கட்டி | மார்ச் 4, காலை 6.05

புத்தகம் சரி. பையன் வரைந்த படமும் தப்பில்லை. ஆனால் அது அவனுக்கு வேண்டிய படம் இல்லை. முகில் சொன்ன விதி மட்டும் தப்பு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பையன் வரைந்தது ஆய்லர் பாணி. 1768-இல் அச்சான கடிதங்களில் ஆய்லர் இப்படித்தான் வரைந்தார்: ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கினால் வட்டத்தையும் உள்ளே போடுவது. பார்க்க அழகு. சிக்கல் என்னவென்றால், வட்டத்தை எங்கே வைப்பது என்று நாம் முடிவு செய்யும்போதே எடுகூற்று சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். "கடல்வாழ் உயிரினங்கள் சில பாலூட்டிகள்" என்ற வரி கடல் வட்டம் பாலூட்டி வட்டத்தை வெட்டுகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் சின்ன வட்டத்தையும் வெட்டுகிறதா என்று அது சொல்லவே இல்லை. பையனின் கை அதை வெட்டிவிட்டது. ஏன்? திமிங்கிலம் கடலில் இருப்பது அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்ததைக் கை வரைந்துவிட்டது.

வென் 1880-இல் செய்த மாற்றம் இதற்குத்தான் மருந்து. வட்டங்களின் இடத்தை அவர் மாற்றுவதே இல்லை. எந்த வாதமாக இருந்தாலும் மூன்று வட்டமும் ஒன்றையொன்று வெட்டியபடி ஒரே மாதிரி நிற்கும். உள்ளே ஏழு துண்டு, வெளியே ஒன்று. படம் எதையும் சொல்லாமல் தொடங்குகிறது. பிறகு எடுகூற்று பேசுவதை மட்டும் அதில் பதிகிறோம். ஒரு துண்டில் எதுவும் இல்லை என்று தெரிந்தால் அதை நிழலிடுகிறோம். ஒரு துண்டில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் பெருக்கல் குறி போடுகிறோம். (இந்தக் குறி வென் போட்டது இல்லை, பின்னால் பேர்ஸ் சேர்த்தது. வென்னிடம் நிழல்தான்.) இரண்டும் இல்லாத துண்டு வெறுமனே கிடக்கும். அதற்கு "தெரியாது" என்று பொருள், "இல்லை" என்று பொருள் இல்லை. என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

இப்போது திமிங்கிலத்தை எடுப்போம். தாளில் மேலே பாலூட்டி, கீழே இடப்பக்கம் கடல்வாழ் உயிரினம், வலப்பக்கம் திமிங்கிலம்.

முதல் வரி: எல்லாத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள். அதாவது பாலூட்டியாக இல்லாத திமிங்கிலம் இல்லை. திமிங்கில வட்டத்தில் பாலூட்டி வட்டத்துக்கு வெளியே கிடக்கும் பகுதி முழுவதையும் நிழலிட வேண்டும். அது இரண்டு துண்டு: திமிங்கிலம் மட்டும் உள்ளது ஒன்று, பாலூட்டி இல்லாமல் திமிங்கிலமும் கடலும் சேர்வது இன்னொன்று. இரண்டாவதை மறந்துவிடுபவர்கள் உண்டு.

இரண்டாவது வரி: கடல்வாழ் உயிரினங்கள் சில பாலூட்டிகள். கடல் வட்டமும் பாலூட்டி வட்டமும் சேரும் இடம் ஓர் இலை மாதிரி இருக்கும். குறி அந்த இலைக்குள் விழ வேண்டும். ஆனால் திமிங்கில வட்டத்தின் கோடு அந்த இலையை இரண்டாகப் பிளக்கிறது. உள்பக்கம் திமிங்கிலமாக இருக்கும் கடல் பாலூட்டி, வெளிப்பக்கம் திமிங்கிலமாக இல்லாத கடல் பாலூட்டி. குறி எந்தப் பக்கம்? எடுகூற்று சொல்லவில்லை. இரண்டு துண்டிலும் நிழல் இல்லை. அதனால் குறியைக் கோட்டின் மேலேயே போட வேண்டும்.

அப்புறம் எழுதுகோலைக் கீழே வைத்துவிட வேண்டும். முடிவைப் படத்தில் வரையக் கூடாது, இருக்கிறதா என்று படிக்க வேண்டும். முடிவு கேட்பது கடல், திமிங்கிலம் இரண்டும் சேரும் இடத்தில் உறுதியாக ஒரு குறி. நம்மிடம் இருப்பது கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் குறி. அது உள்ளேயும் போகலாம், வெளியேயும் போகலாம். ஆகவே செல்லாது.

பையனுக்கு இன்னும் நம்பிக்கை வராவிட்டால், திமிங்கிலம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூனை என்று போடச் சொல்லுங்கள். எல்லாப் பூனைகளும் பாலூட்டிகள். கடல்வாழ் உயிரினங்கள் சில பாலூட்டிகள். ஆகவே கடல்வாழ் உயிரினங்கள் சில பூனைகள். படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. முடிவு மட்டும் பொய்யாகிவிட்டது.

முகில், 'சில' வந்தாலே செல்லாது என்பது சரியில்லை. இதைப் பாருங்கள்: எல்லா வெளவால்களும் பாலூட்டிகள். பறக்கும் உயிரினங்கள் சில வெளவால்கள். ஆகவே பறக்கும் உயிரினங்கள் சில பாலூட்டிகள். 'சில' இருக்கிறது, ஆனால் செல்லும். நீங்களே வரைந்து பாருங்கள்.

முகில் | மார்ச் 4, காலை 8.20

வரைந்தேன். எனக்கு இங்கேயும் குறி கோட்டின் மேல்தான் வந்தது. பறப்பவையும் வெளவாலும் சேரும் இலையைப் பாலூட்டி வட்டம் பிளக்கிறது. எந்தப் பக்கம் என்று "சில" வரி சொல்லவில்லை. நீங்கள் சொன்னபடிதான் கோட்டில் வைத்தேன். அப்படியானால் இதுவும் செல்லாது என்றுதானே வர வேண்டும்? என் விதி நிற்கிறது போலிருக்கிறதே.

சுண்ணக்கட்டி | மார்ச் 4, காலை 8.41

'சில' வரியை முதலில் வரைந்திருப்பீர்கள்.

முகில் | மார்ச் 4, காலை 8.44

ஆமாம். அதுதான் சின்ன வேலை என்று முதலில் முடித்தேன். வரிசை முக்கியமா?

சுண்ணக்கட்டி | மார்ச் 4, காலை 9.10

கைக்கு மிக முக்கியம். வாதத்துக்கு எந்த வரி முதலில் வந்தாலும் ஒன்றுதான். ஆனால் வரையும்போது 'எல்லா' வரியும் 'எதுவும் இல்லை' வரியும் முதலில், 'சில' வரி பிறகு. எடுகூற்று எழுதப்பட்டிருக்கும் வரிசையைப் பார்க்காதீர்கள்.

வெளவாலை மறுபடி செய்யுங்கள். "எல்லா வெளவால்களும் பாலூட்டிகள்" என்பதற்காக வெளவால் வட்டத்தில் பாலூட்டிக்கு வெளியே உள்ள இரண்டு துண்டையும் நிழலிடுங்கள். இப்போது அந்த இலையைப் பாருங்கள். அதன் ஒரு பாதி, அதாவது பாலூட்டியாக இல்லாத பறக்கும் வெளவால், ஏற்கெனவே நிழலில் போய்விட்டது. குறிக்கு மிச்சம் இருப்பது நடுத்துண்டு ஒன்றுதான். அங்கே வைத்தாக வேண்டும். கோடு என்ற பேச்சே இல்லை. நடுத்துண்டு பறப்பவைக்குள்ளும் இருக்கிறது, பாலூட்டிக்குள்ளும் இருக்கிறது. முடிவு தானாகவே படத்தில் வந்துவிட்டது.

குறியை முதலில் கோட்டில் வைத்தவர்கள் பிறகு நிழலிட்டதும் அதை உள்ளே நகர்த்த வேண்டும். நகர்த்த மறந்தால் செல்லும் வாதத்தைச் செல்லாது என்று சொல்லிவிடுவோம். உங்களுக்கு நடந்தது அதுதான்.

முகில் | மார்ச் 4, காலை 9.32

சரி, ஒப்புக்கொள்கிறேன். என் விதியை நான் எங்கே பிடித்தேன் என்று யோசித்தேன். இரண்டு எடுகூற்றும் 'சில' என்றிருந்தால் செல்லாது. அதைத்தான் ஒன்று வந்தாலே போதும் என்று மாற்றி வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் சரியாக வந்தது எப்படி என்று இப்போது எனக்கே வியப்பாக இருக்கிறது.

தமயந்தி | மார்ச் 4, இரவு 10.02

பூனை வேலை செய்தது. ஐந்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "அப்படியென்றால் முடிவு உண்மையா என்பது கேள்வியே இல்லை, இந்த இரண்டு வரியிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி" என்றான். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அவனாகச் சொன்னது. மனசு நிறைந்துவிட்டது.

இப்போது அடுத்தது. பயிற்சியில் இப்படி ஒன்று:

எல்லாக் கடற்கன்னிகளும் பெண்கள்.
எல்லாக் கடற்கன்னிகளுக்கும் மீன் வால் உண்டு.
ஆகவே, மீன் வால் உள்ளவர்கள் சிலர் பெண்கள்.

வரிசைப்படி நிழலிட்டான். 'சில' வரி எடுகூற்றில் இல்லை, அதனால் குறி போட இடமே வரவில்லை. முடிவு குறி கேட்கிறது. "குறி இல்லை, செல்லாது" என்று எழுதினான். புத்தகத்திலும் அதே விடை. ஆனால் அவனிடம் இருக்கும் இன்னொரு பழைய பயிற்சி ஏட்டில் இதே வடிவத்துக்குச் செல்லும் என்று விடை. அங்கே கடற்கன்னிக்குப் பதில் நாய், பாலூட்டி, நான்கு கால். ஒரே வடிவம், இரண்டு விடை. எதை நம்புவது?

அகல் | மார்ச் 5, காலை 7.15

இதே இடத்தில் நான் ஒரு மதிப்பெண் இழந்தேன். விடைத்தாளில் பக்கத்திலேயே எழுதியும் காட்டினேன், திருத்தியவர் ஏற்கவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: முடிவின் எழுவாயாக வருவது உலகத்தில் இருக்கிறது என்று எப்போதும் எடுத்துக்கொள், அதில் குறி போட்டுவிடு, எல்லாம் சரியாகும். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

சுண்ணக்கட்டி | மார்ச் 5, மாலை 6.50

இது அளவையியலில் பழைய பிரிவினை. அரிஸ்டாட்டில் வழியில் 'எல்லா நாய்களும்' என்று ஒருவர் வாய் திறந்தால் நாய் இருக்கிறது என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் பூல் வழியில் வந்தவர்கள் அப்படி எடுக்கவில்லை. 'எல்லா' என்பது வெறும் நிழல், அதாவது இன்னது இல்லை என்ற தகவல் மட்டும். நியாயத்தொடைக்கு மொத்தம் 256 வடிவங்கள், பூல் வழியில் அவற்றில் 15 செல்லும். பழைய வழியில் இன்னும் 9 சேர்ந்து 24 ஆகும். கடற்கன்னி வடிவம் அந்த ஒன்பதில் ஒன்று. பழைய பாடநூல்களில் அதற்கு தராப்தி என்று பெயரே உண்டு. உங்கள் புத்தகமும் ஏடும் வேறு வேறு வழியில் நிற்கின்றன. இரண்டும் அச்சுப்பிழை இல்லை.

பையன் வரைந்தது பூல் வழிப்படி முழுக்கச் சரி. எடுகூற்று இரண்டும் எதுவோ இல்லை என்று மட்டும் சொல்கின்றன. 'இல்லை' என்ற இரண்டு செய்தியிலிருந்து 'இருக்கிறது' என்ற செய்தி எப்படி வரும்? கடற்கன்னி விஷயத்தில் இது பளிச்சென்று தெரிகிறது. இரண்டு எடுகூற்றையும் கதைகளின் வரையறைப்படி ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் வாலுள்ள பெண்ணை யாரும் பார்த்ததில்லை.

அகலுக்கு: உங்களுக்குச் சொன்னவர் பாதிதான் சொன்னார். முடிவின் எழுவாய் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இதையே முயன்று பாருங்கள். எழுவாய் மீன் வால் உள்ளவர்கள். அந்த வட்டத்தில் நிழல் விழாமல் எத்தனை துண்டு மிஞ்சுகிறது?

அகல் | மார்ச் 5, மாலை 7.35

மூன்று. வால் மட்டும் உள்ளது. வாலும் பெண்ணும் சேர்ந்து கடற்கன்னி இல்லாதது. மூன்றும் சேரும் நடுத்துண்டு. குறியை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அப்படியென்றால் என் முறைப்படி இது செல்லாது. ஆனால் ஏட்டில் செல்லும் என்றல்லவா இருக்கிறது?

சுண்ணக்கட்டி | மார்ச் 5, இரவு 8.15

அதேதான். இங்கே இரண்டு எடுகூற்றிலும் வந்து முடிவில் வராத நடுப்பதத்தைப் பார்க்க வேண்டும். கடற்கன்னி வட்டத்தில் பெண்ணுக்கு வெளியே இரண்டு துண்டு நிழல், வாலுக்கு வெளியே இரண்டு துண்டு நிழல், அதில் ஒன்று இரண்டுக்கும் பொது. ஆக மூன்று துண்டு போய்விட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று, நடுத்துண்டு. கடற்கன்னி என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருந்தாக வேண்டும்.

நான் வகுப்பில் சொன்ன வழி இது. எல்லா நிழலும் முடிந்த பின் மூன்று வட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த வட்டத்திலாவது ஒரே ஒரு துண்டு மட்டும் நிழலில்லாமல் இருந்தால், அந்தத் துண்டில் சின்ன வளையத்துக்குள் ஒரு குறி போடுங்கள். வளையம் எதற்கு என்றால், இது எடுகூற்று தந்த குறி இல்லை, நாம் கடன் வாங்கியது. அப்புறம் முடிவைப் படியுங்கள். வளையக் குறியால் முடிவு வருகிறது என்றால் வெறும் "செல்லும்" என்று எழுதக் கூடாது. "கடற்கன்னிகள் இருந்தால் செல்லும்" என்று எழுத வேண்டும். நாய் என்றால் அந்தக் கடனை உடனே தீர்த்துவிடலாம், நாய் இருக்கிறது. கடற்கன்னி என்றால் தீர்க்க முடியாது.

அந்த ஒன்பது வடிவங்களில் ஐந்தில் கடன் முடிவின் எழுவாய்ப் பதத்தின் மேல் விழும். அகலுக்குச் சொல்லப்பட்ட வழி அந்த ஐந்துக்கு வேலை செய்யும். மூன்றில் நடுப்பதத்தின் மேல், ஒன்றில் பயனிலைப் பதத்தின் மேல். அதனால்தான் மனப்பாட விதியை விட்டுவிட்டு எந்த வட்டத்தில் ஒரு துண்டு மிஞ்சுகிறது என்று கண்ணால் பார்க்கச் சொல்கிறேன்.

முகில் | மார்ச் 5, இரவு 9.05

எனக்கு இது செயற்கையாகப் படுகிறது. இல்லாத ஒன்றைப் பற்றி யார் "எல்லா" என்று பேசுகிறார்கள்? பேசுகிறவர் மனசில் அது இருப்பதாகத்தான் அர்த்தம். பழைய வழிதான் இயல்பு.

தமயந்தி | மார்ச் 5, இரவு 9.30

நூலகத்தில் ஒரு அறிவிப்பு பார்த்திருக்கிறேன் முகில். "புத்தகத்தைத் தொலைப்பவர்கள் அனைவரும் அதன் விலையைக் கட்ட வேண்டும்." யாருமே தொலைக்காத வருடத்திலும் அந்த அறிவிப்பு பொய்யாகிவிடாது. யாரும் தொலைக்கக் கூடாது என்றுதானே அதை எழுதி வைக்கிறார்கள்?

முகில் | மார்ச் 5, இரவு 9.41

அது விதி, தகவல் இல்லை. நாயைப் பற்றிப் பேசுவது தகவல். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டுமா என்பதில் நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை.

கணக்கன் | மார்ச் 6, மதியம் 1.20

முழுதாகப் படிக்கவில்லை, ஆனால் வட்டத்தில் எனக்கும் ஒரு சிக்கல். எங்கள் அலுவலகத்தில் 30 பேர். பெரும்பாலோர் வேலை நேரத்தை மாற்றக் கேட்கிறார்கள், சரியாக 16 பேர். பெரும்பாலோர் இருக்கை வரிசையை மாற்றக் கேட்கிறார்கள், அதுவும் 16 பேர். இரண்டையும் கேட்பவர் சிலராவது இருக்க வேண்டும் என்றேன். மூன்று வட்டம் வரைந்து பார்த்த சக ஊழியர், குறி இரண்டும் கோட்டின் மேல் நிற்கிறது, அதனால் நான் சொன்னது செல்லாது என்கிறார். வட்டத்தைச் சரியான அளவில் பெரிதாக வரைந்தால் வெட்டும் இல்லையா? எந்த அளவில் வரைய வேண்டும்?

சுண்ணக்கட்டி | மார்ச் 6, மாலை 5.45

இந்தப் படத்தில் வட்டத்தின் அளவுக்குப் பொருள் எதுவும் இல்லை. பெரிதாக வரைந்தாலும் சின்னதாக வரைந்தாலும் துண்டுகள் அதே எட்டுதான். ஆனால் நீங்கள் சொன்ன முடிவு சரி, உங்கள் சக ஊழியர் வரைந்ததும் சரி. இரண்டும் சரியாக இருக்க முடிவது எப்படி என்றால், 'பெரும்பாலோர்' என்ற சொல்லை இந்தப் படத்தால் பிடிக்க முடியாது. நிழல் என்றால் ஒருவரும் இல்லை, குறி என்றால் குறைந்தது ஒருவர். அதற்கு மேல் எண்ணிக்கை தெரியாது. 'பெரும்பாலோர்' குறியாக மாறும்போதே 'சிலர்' ஆகச் சுருங்கிவிடுகிறது. சிலர் இதைக் கேட்கிறார்கள், சிலர் அதைக் கேட்கிறார்கள் என்றால் இரண்டையும் கேட்பவர் இருந்தாக வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பது அதைவிடப் பலமான தகவல். 16-உம் 16-உம் சேர்ந்தால் 32, ஆட்கள் 30. குறைந்தது 2 பேர் இரண்டு பட்டியலிலும் வருவார்கள். பாதிக்கு மேல் என்று இரண்டு முறை வந்தாலே இது நடக்கும். 'எல்லா', 'எதுவும் இல்லை', 'சில', 'சில அல்ல' ஆகிய நான்கு வகைக்கு மட்டும்தான் இந்த மூன்று வட்டம் நீதிபதி. மற்றதற்கு அதன் தீர்ப்பைக் கேட்கக் கூடாது.

கணக்கன் | மார்ச் 6, மாலை 6.10

அப்படியானால் நாளைக்குப் பட்டியலையே எடுத்துப் போகிறேன், வட்டம் வேண்டாம்.

தமயந்தி | மார்ச் 8, இரவு 8.55

இன்று ஒரு மணி நேரம் ஒரே கணக்கில் நின்றோம்.

எல்லா உலோகங்களும் மின்சாரத்தைக் கடத்துபவை.
எல்லா உலோகங்களையும் காந்தம் ஈர்ப்பதில்லை.
ஆகவே, மின்சாரத்தைக் கடத்துபவை சிலவற்றைக் காந்தம் ஈர்ப்பதில்லை.

விடை "செல்லும்". இது பூல் வழிப் புத்தகம்தான், அதாவது கடற்கன்னிக்குச் செல்லாது என்று போட்ட அதே புத்தகம். பையனுக்குக் குறியே வரவில்லை. உலோக வட்டத்தில் கடத்திக்கு வெளியே நிழல், பிறகு உலோகமும் காந்தம் ஈர்ப்பவையும் சேரும் இலை முழுதும் நிழல். மிச்சம் ஒரு துண்டு. சுண்ணக்கட்டி ஐயா சொன்னபடி அதில் வளையக் குறி போட்டு "உலோகங்கள் இருந்தால் செல்லும்" என்று எழுதினான். புத்தகத்தில் நிபந்தனை எதுவும் இல்லை. கண் எரியும் வரை தேடியும் தப்பு எங்கே என்று தெரியவில்லை.

அகல் | மார்ச் 8, இரவு 9.20

இரண்டாவது வரியை மறுபடி படியுங்கள். இரும்பு உலோகம்தான், அதைக் காந்தம் ஈர்க்கிறது. உலோகம் எதையும் காந்தம் ஈர்க்காது என்று யார் சொன்னது?

தமயந்தி | மார்ச் 8, இரவு 9.31

அட! வரியில் 'எல்லா' இருக்கிறது, கடைசியில் 'இல்லை' இருக்கிறது, அதனால் "எதுவும் இல்லை" என்று படித்துவிட்டோம். அது சொல்வது "சில உலோகங்களைக் காந்தம் ஈர்ப்பதில்லை". அப்படியென்றால் நிழல் இல்லை, குறி.

மறுபடி வரைந்தான். முதலில் உலோகத்தில் கடத்திக்கு வெளியே நிழல். பிறகு குறி: உலோக வட்டத்தில், காந்தம் ஈர்ப்பவைக்கு வெளியே. அந்தப் பகுதியில் இரண்டு துண்டு, ஒன்று ஏற்கெனவே நிழலில். குறி தானாகவே கடத்தி வட்டத்துக்குள் விழுந்தது. வளையம் வேண்டாம், கடன் வேண்டாம். புத்தகத்து விடை அப்படியே வந்துவிட்டது.

சுண்ணக்கட்டி | மார்ச் 9, காலை 6.20

அகல் கண்டுபிடித்தது அருமை. நானாக இருந்தால் படத்தில்தான் தேடியிருப்பேன்.

தமிழில் இந்த வாக்கியம் பொல்லாதது. "எல்லாரும் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் பாதிப் பேர் வந்தார்கள் என்றும் எடுக்கலாம், ஒருவரும் வரவில்லை என்றும் எடுக்கலாம். குரலை வைத்தும் இடத்தை வைத்தும்தான் கண்டுகொள்கிறோம். தாளில் குரல் இல்லை. படமோ இரண்டுக்கும் முற்றிலும் வேறு: ஒன்றுக்கு இலை முழுக்க நிழல், மற்றதற்கு இலைக்கு வெளியே ஒரு குறி. அதனால் வட்டம் வரையும் முன்பே வாக்கியத்தை மாற்றி எழுதிக்கொள்வது நல்லது. "எந்த உலோகத்தையும் காந்தம் ஈர்க்காது" அல்லது "சில உலோகங்களைக் காந்தம் ஈர்க்காது". இந்த இரண்டில் எது என்று எழுதிய பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

வினாத்தாள் எழுதுபவர்கள் இந்த வாக்கியத்தைத் தவிர்த்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவோ நேரம் மிஞ்சும்.

முகில் | மார்ச் 9, காலை 8.05

தவிர்க்க வேண்டாம் என்பேன். வாழ்க்கையில் யாரும் மாற்றி எழுதித் தருவதில்லை. இதைப் பிரிக்கத் தெரிவதுதான் பாதிப் பயிற்சி.

சுண்ணக்கட்டி | மார்ச் 9, காலை 8.30

தேர்வு அறையில் மூன்று நிமிடத்தில் அல்ல முகில். வகுப்பில் என்றால் நானும் உங்களோடு.

தமயந்தி | மார்ச் 11, இரவு 9.48

பையன் இன்று திமிங்கிலப் படத்தை எடுத்து, தன் பழைய ஆய்லர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தான். பழையதன் கீழே "எனக்குத் தெரிந்தது", புதியதன் கீழே "அவர்கள் சொன்னது" என்று எழுதியிருக்கிறான்.

அடுத்த அத்தியாயத்தில் எடுகூற்று மூன்று, பதம் நான்கு. நான்கு வட்டம் போட்டால் போதும் என்று காம்பஸோடு உட்கார்ந்தான். எட்டு மாதிரி பதினாறு துண்டு வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு எண்ணுகிறான், பதினான்குக்கு மேல் வரவே இல்லை. நான்கு தாள் வீணாகிவிட்டது. அவன் கை தப்பா?

சுண்ணக்கட்டி | மார்ச் 12, காலை 6.10

கை தப்பில்லை. நான்கு வட்டத்தால் எவ்வளவு முயன்றாலும் 14 துண்டுதான் வரும். இரண்டு வட்டங்கள் அதிகபட்சம் இரண்டு புள்ளியில்தான் வெட்டும், அதற்கு மேல் துண்டு பிறக்காது. வென்னே நான்கு பதத்துக்கு வட்டத்தை விட்டுவிட்டு நீள்வட்டம் போட்டார். ஆனால் பையனுக்கு அது வேண்டாம். முதல் இரண்டு எடுகூற்றை மூன்று வட்டத்தில் வரைந்து, அதிலிருந்து என்ன படிக்க முடிகிறதோ அதை ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். அந்த வரியையும் மூன்றாவது எடுகூற்றையும் புதிய மூன்று வட்டத்தில் வரையட்டும்.

வளையக் குறியோடு ஒரு வரி வந்தால், அடுத்த படத்துக்குப் போகும்போது வளையத்தையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். அதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.